டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன், இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. முதல் கர்ப்பத்தில் 10ஆவது வாரம் பி.பி. 118/76 இருந்தது. 33ஆவது வாரத்தில் தலைவலி என்று போனபோது 168/112. சிறுநீரில் புரதம் 3+, பிளேட்லெட் 92,000 என்று சொல்லி மறுநாளே சிசேரியன் செய்தார்கள். குழந்தை 1,450 கிராம். ஆறு வாரத்தில் பி.பி. இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு பார்க்கவே இல்லை. மூன்று வருடம் கழித்து இப்போது பார்த்தால் 148/96. டெல்மிசார்டன் 40 மி.கி. கொடுத்தார்கள், இப்போது 126/80 இருக்கிறது. அடுத்த குழந்தைக்கு ஆசை. "நாள் தள்ளிப்போனதும் மாத்திரையை நிறுத்திவிடு, கர்ப்பத்தில் எந்த மாத்திரையும் ஆகாது" என்கிறார் மாமியார். "அந்த பி.பி. பிரசவத்தோடு போய்விட்டது, இது வேறு பி.பி." என்கிறார் கணவர். இருவர் சொல்வதும் சரியா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நாள் தள்ளிப்போகும்வரை காத்திருக்காதீர்கள். கருத்தரிக்க முயல்வதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் போய் டெல்மிசார்டனை வேறு மாத்திரையாக மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். 148/96 என்பது மாத்திரையே இல்லாமல் கர்ப்பத்துக்குள் நுழையக்கூடிய அளவு இல்லை. அந்த மாத்திரை மாறி, புதியதில் பி.பி. அடங்கும்வரை கருத்தடை தேவை. அதற்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை எடுக்காதீர்கள், அதுவே பி.பி.யை ஏற்றும். காப்பர்-டி அல்லது ஆணுறை போதும்.

இனி, அந்த 33ஆவது வாரத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். உங்களுக்கு வந்தது பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தின் பின்பாதியில் பி.பி. ஏறி, சிறுநீரகம் போன்ற உறுப்புகளும் பாதிக்கப்படும் நோய். இது புரிந்தால் கணவரின் கேள்விக்கும் மாமியாரின் கேள்விக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் வந்துவிடும்.

கர்ப்பப்பையின் சுவருக்கு ரத்தம் கொண்டுவருபவை சுருள் தமனிகள். சாதாரண நேரத்தில் இவை மெல்லிய குழாய்கள், சுற்றிலும் தசை இருப்பதால் சுருங்கவும் செய்யும். கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போய் இந்தத் தமனிகளின் தசையை அழித்துவிடும். அப்புறம் அவை சுருங்க முடியாத, வாய் அகன்ற குழாய்களாகிவிடும். தாயின் ரத்தம் நிறையவும் மெதுவாகவும் நஞ்சுக்கொடிக்குள் இறங்கும். உங்களைப் போல 34 வாரத்துக்கு முன்பே பிரீ-எக்லாம்ப்சியா வந்து, குழந்தையும் எடை குறைந்து பிறந்தால், பெரும்பாலும் இந்த வேலை அரைகுறையாக நின்றிருக்கும். தமனிகள் குறுகலாகவே இருந்துவிடும். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதைப்போல ரத்தம் வேகமாக நஞ்சுக்கொடியில் மோதும். ஆனால் போய்ச் சேரும் அளவு போதாது.

மூச்சுத் திணறும் அந்த நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில புரதங்களைக் கொட்டுகிறது. அவற்றில் முக்கியமானது எஸ்-ஃபிளிட்-1. நம் ரத்தக் குழாய்களின் உள்படலம் நலமாக இருக்க வி.இ.ஜி.எஃப்., பி.எல்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிகள் வேண்டும். எஸ்-ஃபிளிட்-1 இவற்றை ரத்தத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 2003இல் அனந்த் கருமாஞ்சியின் குழு எஸ்-ஃபிளிட்-1ஐ எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தது. எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகத்திலும் பிரீ-எக்லாம்ப்சியாவுக்கே உரிய மாற்றம் தெரிந்தது. கர்ப்பமே இல்லாத எலிகளிலும் அப்படித்தான் ஆனது. நோய் தொடங்குவது நஞ்சுக்கொடியில், அடி வாங்குவது தாயின் ரத்தக் குழாய்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உங்கள் ரிப்போர்ட்டை இதோடு சேர்த்துப் படியுங்கள். உள்படலம் கெட்டதால் குழாய்கள் சுருங்கின, பி.பி. 168/112க்குப் போனது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதானதால் புரதம் 3+ கசிந்தது. மூளையின் ரத்தக் குழாய்கள் சிரமப்பட்டதால் தலைவலி. சேதமான குழாய்களில் பிளேட்லெட்டுகள் ஒட்டிச் செலவானதால் எண்ணிக்கை 92,000க்கு இறங்கியது. ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலே அது தீவிர வகை என்று கணக்கு. பி.பி. இங்கே பல அறிகுறிகளில் ஒன்றுதான். 33 வாரத்திலேயே குழந்தையை எடுத்ததும் இதனால்தான். பி.பி.யை மாத்திரையால் இறக்கலாம், நஞ்சுக்கொடி கொட்டுவதை நிறுத்த அதை வெளியே எடுப்பதைத் தவிர வழி கிடையாது. டென்ஷனால் வந்தது, உப்பு அதிகம் சாப்பிட்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உப்பைக் குறைப்பதாலோ படுத்தே கிடப்பதாலோ பிரீ-எக்லாம்ப்சியா தடுக்கப்படுவதில்லை.

இப்போது கணவர் சொல்வதற்கு வருவோம். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் எஸ்-ஃபிளிட்-1 சில நாட்களில் வடிந்துவிடும். அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் அடிவாங்கிய ரத்தக் குழாய்கள் உங்களோடுதான் இருக்கின்றன. பிரீ-எக்லாம்ப்சியா வந்த பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. பிற்காலத்தில் நிரந்தர உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3.7 மடங்கு, மாரடைப்பு போன்ற இதய நோய் 2 மடங்கு, பக்கவாதம் 1.8 மடங்கு என்று அதில் தெரிந்தது. குறைமாதத்திலேயே பிரசவிக்க நேர்ந்தவர்களுக்கு இது இன்னும் கூடுதல். நோய் குழாய்களில் தழும்பை விட்டுச் செல்கிறதா, இல்லை ஏற்கெனவே பலவீனமான குழாய்களைக் கர்ப்பம் முன்கூட்டியே வெளிச்சம் போட்டுக் காட்டுகிறதா என்று கேட்டால், இரண்டும் உண்டு என்பதுதான் என் கருத்து. எப்படியானாலும் உங்கள் 148/96ஐப் புதிதாக வந்த வேறு பி.பி. என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆறாவது வாரத்தில் மாத்திரையை நிறுத்தியது தவறில்லை. அதன்பிறகு மூன்று வருடம் யாரும் பார்க்காமல் விட்டதுதான் தவறு, அது உங்கள் தவறும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

மாமியாரின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. டெல்மிசார்டனும், லோசார்டன் போன்ற அதன் உறவு மருந்துகளும், எனலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்துகளும் கர்ப்பத்தில் கூடாதவைதான். இவை தடுப்பது ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனின் வேலையை. குழந்தையின் சிறுநீரகம் உருவாகி வேலை செய்ய அந்த ஆஞ்சியோடென்சின் தேவை. நான்காவது மாதத்துக்குமேல் பனிக்குட நீர் என்பது பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர். சிறுநீரகம் நின்றால் நீர் வற்றும், நீர் இல்லாவிட்டால் நுரையீரல் விரியாது, கை கால்கள் மடங்கி இறுகிவிடும், மண்டையோடும் சரியாக வளராது. இந்த ஆபத்து உறுதியாகத் தெரிவது இரண்டாவது, மூன்றாவது மும்மாதங்களில். முதல் மும்மாதத்தில் உறுப்புக் குறை வருகிறதா என்று பார்த்த பெரிய ஆய்வுகளில், தாயின் பி.பி., சர்க்கரை போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபிறகு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர்பாராமல் கருத்தரித்தால் கருவைக் கலைக்கும் யோசனைக்கே போக வேண்டாம். அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொண்டு, பிறகு ஸ்கேனில் உறுப்புகளை நன்றாகப் பார்க்கச் சொன்னால் போதும்.

எந்த மாத்திரையுமே ஆகாது என்பது தவறு. நீண்ட காலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வருபவை மூன்று: லெபட்டலால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின், மெதில்டோபா. உங்கள் மருத்துவராக இருந்தால் நான் மெதுவாகக் கரையும் நிஃபெடிபினை ஒருநாளைக்கு 30 மி.கி. என்று தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் வீட்டு அளவுகளைப் பார்த்து ஏற்றுவேன். ஆரம்பத்தில் தலைவலி வரலாம், கால் வீங்கலாம். லெபட்டலால் 100 மி.கி. காலை, மாலை என்று தொடங்குவதும் அதே அளவு நல்லது. ஆனால் ஆஸ்துமா இருந்தால் கூடாது. மெதில்டோபாவுக்கு அனுபவம் அதிகம், ஆனால் அது தூக்கக் கலக்கத்தையும் மனச்சோர்வையும் தரும் என்பதால் எனக்கு அது மூன்றாவதாகத்தான் வரும். அட்டெனலால் வேண்டாம், குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும்.

எவ்வளவு இறக்க வேண்டும் என்பதில் நெடுங்காலம் இழுபறி இருந்தது. தாயின் பி.பி.யை இறக்கினால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்து குழந்தை மெலிந்துவிடும் என்ற பயத்தில் 160 வரும்வரை பல மருத்துவர்கள் மாத்திரையைத் தொட மாட்டார்கள். 2022இல் வெளிவந்த சாப் என்ற ஆய்வில், கர்ப்பத்துக்கு முன்பிருந்தோ முதல் பாதியிலேயோ பி.பி. இருந்த 2,408 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 140/90க்குக் கீழே வைத்தார்கள். மற்றதில் பி.பி. தீவிரமானால் மட்டுமே மருந்து. தீவிர பிரீ-எக்லாம்ப்சியா, 35 வாரத்துக்கு முன்பே எடுக்க வேண்டிய பிரசவம், நஞ்சுக்கொடி பிரிதல், குழந்தை இறப்பு இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் முதல் குழுவில் 30 சதவீதம், இரண்டாவதில் 37 சதவீதம். குழந்தைகள் மெலிந்து பிறப்பது கூடவில்லை. எனவே உங்களுக்கும் இலக்கு 140/90க்குக் கீழே.

கருத்தரிப்பதற்கு முன் சில பரிசோதனைகள் வேண்டும். கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். இப்போதே புரதம் கொஞ்சம் போகிறதா என்று தெரிந்துவைத்தால், கர்ப்பத்தின் 28ஆவது வாரத்தில் தெரியும் புரதம் பழையதா புதியதா என்று தவிக்க வேண்டியிருக்காது. 32 வயதில் பி.பி. என்பதால் சிறுநீரகத்தை ஸ்கேனில் ஒருமுறை பார்ப்பதும் நல்லது. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரீ-எக்லாம்ப்சியாவால் 34 வாரத்துக்கு முன்பு பிரசவித்தவர்களுக்கு ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்துத்தான் உறுதிசெய்வார்கள். இருந்தால் ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் சேரும், கதை மாறிவிடும்.

அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வருமா? 28க்கும் 34க்கும் இடையில் பிரசவித்தவர்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும். மூன்றில் இருவருக்கு வராது. வந்தாலும் பெரும்பாலும் முதல் முறையைவிடத் தாமதமாக வரும். இதைக் குறைக்க நிரூபிக்கப்பட்ட மருந்து ஆஸ்பிரின். 2017இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆவது வாரம் வரை இரவில் 150 மி.கி. கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே வரும் பிரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. சில நாடுகளில் 75 அல்லது 81 மி.கி. கொடுக்கிறார்கள். எந்த அளவானாலும் 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும், ஏனென்றால் சுருள் தமனிகள் அகலும் வேலை நடப்பது அந்தக் காலத்தில்தான். 28ஆவது வாரத்தில் பி.பி. ஏறியபிறகு ஆஸ்பிரினைத் தொடங்கிப் பயனில்லை.

கர்ப்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. முதல் பாதியில் பெரும்பாலான பெண்களுக்கு பி.பி. இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். 16ஆவது வாரத்தில் உங்களுக்கு 112/70 காட்டலாம், "பி.பி. போய்விட்டது" என்று யாராவது மாத்திரையை நிறுத்தச் சொல்லலாம். தலைசுற்றல் இருந்தால் அளவைக் குறைக்கலாம், அது மருத்துவர் முடிவு. ஆனால் 24ஆவது வாரத்துக்குமேல் அது மறுபடி ஏறும் என்பதை மனதில் வையுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சரிபார்க்கப்பட்ட, மேற்கையில் கட்டும் கருவியை வாங்கி, உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து அளந்து எழுதி வையுங்கள். மணிக்கட்டுக் கருவி வேண்டாம்.

20 வாரத்துக்குமேல் பி.பி. தானாக ஏறத் தொடங்கினாலோ, புதிதாகப் புரதம் தெரிந்தாலோ, பிளேட்லெட் இறங்கினாலோ, பழைய பி.பி.யின்மேல் பிரீ-எக்லாம்ப்சியா ஏறி உட்கார்ந்திருக்கலாம். சந்தேகமாக இருந்தால் எஸ்-ஃபிளிட்-1க்கும் பி.எல்.ஜி.எஃப்.க்கும் உள்ள விகிதத்தை ரத்தத்தில் அளக்கலாம். 38க்கு மேல் போகவில்லை என்றால் அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரீ-எக்லாம்ப்சியா வர வாய்ப்பு மிகக் குறைவு. 38ஐத் தாண்டிவிட்டால் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. இந்தச் சோதனையின் பலம் 'இப்போதைக்கு இல்லை' என்று சொல்வதில்தான்.

160/110 காட்டினால் மறுநாள் ஓ.பி.க்காகக் காத்திருக்காதீர்கள். பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து, அப்படியே இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்த அளவில் மூளையில் ரத்தக்கசிவு வரலாம். விடாத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, வலது மேல்வயிற்றில் வலி, மூச்சுத் திணறல் இவை வந்தால் பி.பி. 145 மட்டுமே காட்டினாலும் போய்விடுங்கள். "நிஃபெடிபின் தலைவலிதான்" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அங்கே மெக்னீசியம் சல்பேட் போடலாம். அது பி.பி. மருந்து அன்று, வலிப்பைத் தடுப்பது. 2002இல் வந்த மேக்பை ஆய்வில் அது வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்குமேல் குறைத்தது.

பிரசவம் முடிந்ததும் எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்பார்கள். தாயின் பி.பி. உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறாவது நாளுக்குள், அதாவது வீட்டுக்கு வந்தபிறகு. முதல் பத்து நாட்களாவது தினமும் அளக்க வேண்டும். அந்த நேரத்தில் மெதில்டோபாவில் இருந்தால் மாற்றிவிடுவார்கள், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வோடு அது சேரக்கூடாது. கர்ப்பத்தில் கூடாத எனலாப்ரில், தாய்ப்பால் கொடுக்கும்போது கொடுக்கக்கூடிய மருந்து என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பாலில் மிகக் குறைவாகவே போகிறது. குறைமாதக் குழந்தை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிஃபெடிபினும் லெபட்டலாலும் தொடரலாம். 2023இல் வந்த ஒரு ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் அளந்து மருத்துவர் வழிகாட்டலில் மாத்திரை அளவை அடிக்கடி சரிசெய்துகொண்ட பெண்களுக்கு ஒன்பதாவது மாதத்திலும் கீழ் பி.பி. மற்றவர்களைவிட சுமார் 6 புள்ளி குறைவாக இருந்தது. அந்த முதல் சில வாரங்களில் நன்றாகக் கட்டுப்படுத்தினால் குழாய்கள் மீள்கின்றன என்று இதை நான் வாசிக்கிறேன்.

குழந்தைப் பேறு முடிந்து, நிலையான கருத்தடையும் இருந்தால் டெல்மிசார்டனுக்குத் திரும்பலாம், அது நல்ல மருந்துதான். பி.பி.யை ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம் இவற்றை உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். அந்த 33ஆவது வாரத்து டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள். 50 வயதில் நெஞ்சு இறுக்கம் என்று வேறொரு மருத்துவரிடம் போனால், கர்ப்பத்தில் என்ன நடந்தது என்று அவர் கேட்காமலே இருக்கலாம். நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.